சோலார் போட்டால் எந்த யூனிட் முதலில் குறையும்?

சோலார் போட்டால் கரண்ட் பில் எவ்வளவு குறையும் என்று கேட்டு வருபவர்களிடம், மாடி எத்தனை சதுர அடி என்று நான் முதலில் கேட்பதில்லை. கடைசி ஒரு வருஷத்துப் பில்களைத்தான் கேட்பேன். நிழல் விழாத மாடியாக இருந்தால், தமிழ்நாட்டு வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு நாலு யூனிட் தரும். இரண்டு மாதப் பில்லுக்கு 240 யூனிட். இது எல்லா வீட்டுக்கும் பொது. ஆனால் அந்த 240 யூனிட் மிச்சப்படுத்தும் பணம் வீட்டுக்கு வீடு மாறும். காரணம் நம் ஊர் ஸ்லாப் முறை.

2024 ஜூலையில் மாறிய வீட்டுக் கட்டணத்தைப் பாருங்கள். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த 100-க்கு யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை பறிபோகும். 101-வது யூனிட்டிலிருந்தே 4.70. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45. இதனால் 500 யூனிட் ஓடினால் 1,805 ரூபாய், 501 ஓடினால் 2,048 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டுக்கு 243 ரூபாய் தண்டம்!

சோலார் யூனிட் பில்லில் கழியும்போது மேலிருந்துதான் கழியும். ஏசி, வாஷிங் மெஷின் எல்லாம் சேர்த்து 800 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். பில் 4,770 ரூபாய். இரண்டு கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழிந்து, மிச்சம் 320. அதற்குப் பில் 799 ரூபாய்தான். 9.45-ம் 8.40-ம் முதலில் காணாமல் போகின்றன. ஐந்நூறுக்குக் கீழே இறங்கியதால் 2.35 சலுகையும் திரும்பக் கிடைக்கிறது.

"அப்போ மூணு கிலோவாட்டாவே போட்டுடுங்க, பில்லே வராதுல்ல?" என்பார்கள். வராதுதான். ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்துவது இரண்டு மாதத்துக்கு வெறும் 799 ரூபாய். கிலோவாட்டுக்கு 65,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொண்டால், பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 மானியம் போக, கைக்காசு 70,000. மூன்று வருஷத்தில் அது திரும்பிவிடும். மூன்றாவது கிலோவாட்டுக்கு மானியம் 18,000தான். மீதி 47,000 திரும்பி வரப் பத்து வருஷம் ஆகும். அடுத்த வருஷம் இன்னொரு ஏசி வாங்கப்போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. இல்லையென்றால், எனக்கு வியாபாரம் குறைந்தாலும், இரண்டோடு நிறுத்தச் சொல்வேன்.

முதல் பில் வந்ததும் பெரும்பாலும் ஒரு போன் வரும். "இன்வெர்ட்டர்ல 480 யூனிட் காட்டுது, பில்லுல 300தான் ஏத்துமதின்னு போட்டிருக்கு. மீதி 180 எங்க சார் போச்சு?" எங்கும் போகவில்லை. பகலில் பேனல் தரும் கரண்டை முதலில் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் மோட்டாரும் எடுத்துக்கொள்ளும். தின்றது போக மிஞ்சியது மட்டுமே நெட் மீட்டர் வழியாக வெளிக்கம்பிக்குப் போய் ஏற்றுமதியாகப் பதிவாகும். வீட்டிலேயே தீர்ந்த 180 யூனிட்டை ஈபி மீட்டர் பார்த்ததே இல்லை. அந்த அளவுக்கு உங்கள் இறக்குமதி ரீடிங் குறைந்திருக்கும். ராத்திரி ஈபியிலிருந்து எடுத்ததில் அந்த 300-ஐக் கழித்துத்தான் பில் போடுவார்கள்.

உண்மையிலேயே உற்பத்தி குறைந்தால் அதை இன்வெர்ட்டர் ஆப்பிலேயே பிடித்துவிடலாம். மேகமில்லாத நாளில், நண்பகலில், இரண்டு கிலோவாட் பேனல் 1,500 வாட் பக்கம் காட்ட வேண்டும். நாள் முழுக்கவே குறைவாகக் காட்டினால் பெரும்பாலும் தூசிதான்; காலையில் பேனல் சூடேறும் முன் தண்ணீர் விட்டுத் துடைத்தால் சரியாகும். தினமும் ஒரே நேரத்தில் மட்டும் சட்டென்று விழுந்தால் அது நிழல். பேனல்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்டவை. தண்ணீர் டேங்க் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தாலே உற்பத்தி கணிசமாக இறங்கும். ஆகவே கம்பி அடிப்பதற்கு முன் காலை ஒன்பது மணிக்கும் மாலை நாலு மணிக்கும் மாடியில் நிழல் எங்கே விழுகிறது என்று ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும், நல்ல வெயிலிலும்தான். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் மீது உங்கள் வீட்டுக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக, வெளியே சப்ளை இல்லையென்றால் இன்வெர்ட்டர் தானாக அணைந்துகொள்ளும். அதனால் வீட்டில் ஏற்கனவே இருக்கும் யுபிஎஸ்ஸையும் பேட்டரியையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.