கொடுத்தது வரைபடம்; போனது வியாபாரம்!

கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பம்புசெட் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, பத்துத் தொழிலாளிகள். அவ்வளவுதான். கணவர் பட்டறையைப் பார்க்கிறார். மனைவி கணக்கைப் பார்க்கிறார்.

இரண்டு வருஷம் பாடுபட்டு ஒரு புதுப் பம்பு செய்தார்கள். பம்புக்குள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம் இருக்கிறது அல்லவா? அதற்கு 'இம்பெல்லர்' என்று பெயர். அதன் இதழ்களின் வளைவை மாற்றிப் பார்த்தார்கள். அதே மின்சாரத்தில் தண்ணீர் அதிகமாக வந்தது.

ஆனால் சக்கரத்தை வார்க்க அவர்களிடம் உலை கிடையாது. வெளியே ஒரு பவுண்டரியில் கொடுத்துத்தான் வார்க்க வேண்டும். வரைபடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

"ஏனுங்கண்ணா, நம்ம பவுண்டரியை விட்டு ஒரு துண்டுக் காகிதம் வெளியே போகுமுங்களா?" என்றார் பவுண்டரிக்காரர். வாய்ப் பேச்சோடு முடிந்தது.

ஒன்றரை வருஷம் கழிந்தது. சந்தைக்கு இன்னொரு பம்பு வந்தது. உள்ளே அதே சக்கரம். விலையோ குறைவு!

வெளியே போனது எப்படி?

பவுண்டரிக்காரர் வேண்டுமென்று துரோகம் செய்யவில்லை. சக்கரத்தை வார்க்க முதலில் மரத்தில் ஒரு அச்சு வேண்டும். அதைப் 'பேட்டர்ன்' என்பார்கள். அதைச் செய்ய அவர் வெளியே ஒரு தச்சரிடம் வரைபடத்தைக் கொடுத்தார். தச்சர் அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு வேறொரு வாடிக்கைக்காரர் வந்து கேட்டபோது அதே அளவில் இன்னொரு அச்சு செய்து கொடுத்தார். யாரும் அவரிடம் ரகசியம் என்று சொல்லவே இல்லை!

'பம்பை வாங்கிப் பிரித்துப் பார்த்தால் யாரும் செய்துவிடலாமே, வரைபடம் எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். அதனால் 200 மில்லிமீட்டர் சக்கரம் வேண்டுமானால் அச்சை 202 மில்லிமீட்டராகச் செய்ய வேண்டும். வாங்கிய சக்கரத்தையே மணலில் பதித்து வார்த்தால் 198-தான் வரும். தண்ணீர் குறையும். அளந்து, கணக்குப் போட்டு, பல தடவை வார்த்துப் பார்த்துத்தான் சரி செய்யலாம். அந்த உழைப்பை மிச்சப்படுத்துவது வரைபடமும் அச்சும். அவைதான் சொத்து. அப்படி ஒருவர் தானே உழைத்துச் செய்துவிட்டால் ரகசிய ஒப்பந்தம் அவரைத் தடுக்காது. அதற்குக் காப்புரிமை என்ற வேறு வழி இருக்கிறது.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

முதலில், எது ரகசியம் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். 'எங்கள் விவரங்கள் எல்லாம் ரகசியம்' என்று மொத்தமாக எழுதினால் கோர்ட்டில் நிற்பது கஷ்டம். 'இத்தனாம் எண் வரைபடம், அதைக் கொண்டு செய்த அச்சு, அவற்றின் படங்கள், நகல்கள்' என்று எழுதுங்கள். ஒவ்வொரு நகலுக்கும் ஓர் எண் போட்டு, யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு நகல் வெளியில் அகப்பட்டால், யார் கையிலிருந்து போனது என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.

அடுத்ததுதான் மிக முக்கியம். எதற்காகக் கொடுக்கிறோம், யார் யார் பார்க்கலாம் என்ற வரி. அதை இப்படி எழுதலாம்:

'இந்த வரைபடத்தை எங்களுக்குச் சக்கரம் வார்ப்பதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். அச்சுத் தச்சர் முதலிய வெளியாருக்குக் கொடுப்பதானால் எங்கள் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அவரும் இதே நிபந்தனைக்குக் கையெழுத்திட வேண்டும். அவர் தவறினால் நீங்களே பொறுப்பு.'

இந்த நாலு வரி இருந்திருந்தால் தச்சர் கதை அங்கேயே நின்றிருக்கும்.

வேலை முடிந்ததும் திருப்பித் தரவேண்டும் என்பதையும் எழுத வேண்டும். அச்சு யாருடையது என்பதில்தான் பலருக்குச் சண்டை வருகிறது. பணம் கொடுத்தவர் 'என்னுடையது' என்பார். 'என் பட்டறையில் கிடக்கிறது' என்பார் மற்றவர். அச்சு கம்பெனியின் சொத்து என்று எழுதி, அச்சின் மேலேயே கம்பெனி பெயரைப் பொறித்துவிடுவது நல்லது. போனில் உள்ள படங்களையும் அழித்ததாகக் கையெழுத்து வாங்குங்கள்.

எத்தனை காலம்? விலை, ஆர்டர் போன்ற விவரங்களுக்குக் கடைசி ஆர்டரிலிருந்து மூன்று அல்லது ஐந்து வருஷம் போதும். வரைபடத்துக்கு, 'அது ரகசியமாக இருக்கும் வரை' என்று எழுதலாம்.

கோபத்தில் எழுதும் வரி

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'இனி எந்தக் காலத்திலும் வேறு பம்புக் கம்பெனிக்கு வார்க்கக் கூடாது' என்று எழுதிவிடுகிறார்கள். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது போடும் கட்டுப்பாட்டைக் கோர்ட்டுகள் ஏற்றுக்கொண்டது உண்டு. அது முடிந்த பிறகு பவுண்டரிக்காரரின் பிழைப்பைத் தடுக்க முடியாது. 'என் வரைபடத்தைக் கொண்டு வார்க்காதே' என்றால் செல்லும். 'வார்க்கவே வார்க்காதே' என்றால் செல்லாது.

நஷ்டஈட்டிலும் இப்படித்தான். 'மீறினால் ஒரு கோடி' என்று எழுதினால் ஒரு கோடி வந்துவிடாது. அதே சட்டத்தின் 74-வது பிரிவின்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான ஈட்டையே கோர்ட்டு கொடுக்கும். அச்சுக்கு ஆன செலவு, சோதனைக்கு ஆன செலவு என்று கணக்குக் காட்டக்கூடிய தொகையை எழுதுவதே புத்தி.

பணத்தைவிட அவசரமானது தடை உத்தரவு. 1987-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. மாட்டுத்தீவனம் வளர்க்கும் இயந்திரத்துக்குச் சுவர்ப் பலகை செய்து தரும்படி ஓர் அமெரிக்கர் ஒரு கம்பெனியைக் கேட்டார். ரகசியமாக வைக்க வேண்டும் என்று சொல்லி வரைபடங்களைக் கொடுத்தார். பலகை வரவில்லை. அந்தக் கம்பெனி அதே மாதிரி இயந்திரம் செய்ய ஆரம்பித்தது! நம்பிக் கொடுத்ததை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது.

'மீறினால் தடை உத்தரவு கேட்கும் உரிமை உண்டு' என்று ஒரு வரி எழுதிவைப்பது நல்லது. விஷயம் தெரிந்ததும் உடனே வக்கீலிடம் போக வேண்டும். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டுப் போனால், 'அத்தனை அவசரமானால் இதுவரை எங்கே இருந்தீர்கள்?' என்று கேட்பார்கள்.

ஒப்பந்தத்தை உரிய முத்திரைத்தாளில் எழுதுங்கள். பவுண்டரி கூட்டு வியாபாரமாக இருந்தால், அதன் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ள பங்குதாரரிடம் வாங்குங்கள். மேஸ்திரியின் கையெழுத்து போதாது. தேதியையும் பாருங்கள். 'எஸ்டிமேட் போட வேண்டும், படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கண்ணா' என்றுதான் முதலில் கேட்பார்கள். கையெழுத்துத் தேதி அந்தப் படம் போவதற்கு முன்னால் இருக்க வேண்டும். எஸ்டிமேட் போட அளவும் எடையும் சொன்னாலே போதும். இதழின் வளைவு அவருக்கு அப்போது தேவையில்லை.