சப்போர்ட்டில் திரும்பியதா? கண் சொல்வதைக் கணினி விதியாக்குதல்

பங்கு விலை இரண்டு முறை ஏறக்குறைய ஒரே இடம்வரை இறங்கி மேலே திரும்பியிருந்தால், சார்ட் பார்ப்பவர்கள் அந்த இடத்தில் ஒரு கிடைக்கோடு இழுத்து அதைச் சப்போர்ட் என்கிறார்கள். மூன்றாம் முறை விலை அங்கே வந்து திரும்பும்போது வாங்குகிறார்கள். இது லாபம் தரும் பழக்கமா என்று கேட்டால், இந்த நிலையில் அதற்கு விடையே கிடையாது. ‘ஏறக்குறைய’ என்பது எத்தனை சதவீதம்? ‘திரும்பியது’ என்று எந்த நாளில் சொல்வது? வாங்கியதை எப்போது விற்பது? இவை எதுவும் முடிவாகவில்லை. பழைய சார்ட்டில் கோடு இழுப்பவரின் கண்ணுக்கு அடுத்து நடந்ததும் தெரிகிறது. விலை ஏறிய இடங்களில் கோடு அழகாகப் பொருந்துகிறது. ஏறாத இடங்களில் ‘அது சரியான சப்போர்ட் இல்லை’ என்று விலக்கிவிட முடிகிறது. தோற்கவே வழியில்லாத கூற்றைச் சோதிக்க முடியாது.

இதை முறையாகச் செய்துகாட்டிய ஆய்வுகளில் ஒன்று, 2000-இல் ‘ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ்’ இதழில் ஆண்ட்ரூ லோ, ஹாரி மாமேஸ்கி, ஜியாங் வாங் ஆகியோர் எழுதியது. ‘தலையும் தோள்களும்’ என்று சார்ட்காரர்கள் அழைக்கும் வடிவத்தை அவர்கள் ஐந்து திருப்பு முனைகளாகப் பிரித்தார்கள். முதலாவது முனை உச்சியாக இருக்க வேண்டும். மூன்றாவது, முதலாவதையும் ஐந்தாவதையும் விட உயரமாக இருக்க வேண்டும். இரு தோள்களும் தம் சராசரியிலிருந்து 1.5 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். நடுவிலுள்ள இரு பள்ளங்களுக்கும் அதே வரம்பு. இப்படி எழுதியபின், வடிவம் இருக்கிறதா இல்லையா என்பதில் இருவர் வாதிட இடமில்லை.

சப்போர்ட்டுக்கும் இதே வேலையைச் செய்யலாம். முதலில் பள்ளம் என்பதற்கு வரையறை வேண்டும். ஒரு நாளின் குறைந்த விலை, அதற்கு முந்தைய ஐந்து வர்த்தக நாள்களின் குறைந்த விலையையும் பிந்தைய ஐந்து நாள்களின் குறைந்த விலையையும் விடக் கீழே இருந்தால், அந்த நாள் ஒரு பள்ளம். இரண்டு பள்ளங்களுக்கிடையே குறைந்தது பத்து நாள் இடைவெளி இருந்து, அவற்றின் விலை வித்தியாசம் 1.5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால், இரண்டின் சராசரியே சப்போர்ட். அதன்பின் ஒரு நாளில் விலை சப்போர்ட்டுக்கு மேல் 1 சதவீதம் என்ற அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கி, ஆரம்ப விலையை விடவும் சப்போர்ட்டை விடவும் உயரமாக முடிந்தால், அது வாங்கும் சைகை.

ஆனால் பள்ளத்தின் வரையறைக்குள்ளேயே ஒரு பொறி இருக்கிறது. பிந்தைய ஐந்து நாளும் முடிந்தால்தான் அது பள்ளம் என்று தெரியும். பைத்தானில் பலர் இப்படி எழுதிவிடுகிறார்கள்:

```python
df["pit"] = df["low"] == df["low"].rolling(11, center=True).min()
```

`center=True` என்பதால் அந்த நாளின் கணக்கிலேயே வரப்போகும் ஐந்து நாளும் சேர்ந்துவிடுகின்றன. சரியான வடிவம் இது:

```python
df["pit"] = df["low"].shift(5) == df["low"].rolling(11).min()
```

இங்கே குறி விழுவது பள்ளம் அமைந்த நாளில் அல்ல, அது உறுதியான நாளில், அதாவது ஐந்து நாள் தள்ளி. லோ குழுவினரும் இதே காரணத்துக்காக, வடிவம் முடிந்தபின் மூன்று நாள் விட்டே அதைக் கண்டதாகக் கணக்கு வைத்தார்கள்.

இந்த ஒரு வரி செய்யும் வேறுபாட்டைக் கற்பனையான ஒரு பங்கில் பார்க்கலாம். 40-ஆம் நாள் விலை 500 ரூபாய்வரை இறங்கித் திரும்புகிறது. அது பள்ளம் என்பது 45-ஆம் நாள் தெரிகிறது. 62-ஆம் நாள் 504 வரை இறங்குகிறது. அது உறுதியாவது 67-இல். வித்தியாசம் 0.8 சதவீதம்தான் என்பதால் அன்று சப்போர்ட் 502 என்று அமைகிறது. 75-ஆம் நாள் விலை 507-இல் தொடங்கி, 506 வரை இறங்கி, 511-இல் முடிகிறது. தொடு எல்லை 507.02 என்பதால் இது சைகை. சைகை முழுமையாவது சந்தை மூடும்போதுதான். ஆகவே அன்றைய 511-இல் வாங்கியதாகக் கணக்கெழுதக் கூடாது. மறுநாள் ஆரம்ப விலையான 513-இல்தான் வாங்க முடியும்.

தவறான வரியோ 62-ஆம் நாளிலேயே இரண்டாம் பள்ளத்தை அறிந்துவிடுகிறது. அந்த நாளே விலை ஏறி முடிந்திருந்தால் மறுநாள் 510 அளவில் வாங்கிவிடுகிறது. அடுத்த சில நாள்களில் விலை 504-க்குக் கீழே போகாது என்ற உறுதி அதற்கு முன்கூட்டியே கிடைத்துவிட்டது. அப்படிப்பட்ட சோதனை அருமையான லாபம் காட்டாமல் இருந்தால்தான் வியப்பு. இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சைகை வந்த நாளோடு தரவை வெட்டிவிட்டு, நிரலை மறுபடி ஓட்ட வேண்டும். சைகை மறைந்துபோனால், அது எதிர்காலத்தைப் பார்த்து வந்தது.

விற்கும் விதியையும் வாங்கும் முன்பே எழுதிவிட வேண்டும். விலை சப்போர்ட்டுக்கு 2 சதவீதம் கீழே, அதாவது 491.96-க்குக் கீழே முடிந்தால் மறுநாள் தொடக்கத்தில் விற்பது ஸ்டாப்லாஸ். வாங்கிய விலைக்கும் அதற்கும் உள்ள தூரம் சுமார் 21 ரூபாய். அதன் இரு மடங்கு மேலே, 555-இல், டார்கெட். இரண்டும் நடக்காமல் பதினைந்து வர்த்தக நாள் கழிந்தால், மறுநாள் தொடக்கத்தில் வெளியேற வேண்டும். இந்த மூன்றாவது விதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்ற பழைய பழக்கம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

ஸ்டாப்லாஸை முடிவு விலையில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நாளின் நடுவிலேயே விற்பது என்று வைத்தால், ஒரே நாளில் விலை 492-ஐயும் 555-ஐயும் தொட்டிருக்கும்போது எது முதலில் நடந்தது என்று தினசரித் தரவு சொல்லாது. அப்போது நட்டமே முதலில் வந்ததாகக் கொள்வதுதான் நேர்மை. முடிவு விலை விதியில் இந்தக் குழப்பம் எழாது. ஆனால் விலை மறுநாள் 480-இல் திறந்தால் நட்டம் 21 அல்ல, 33. சோதனையும் அந்த 480-ஐயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தரவும் ஏமாற்றும். ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு தரப்பட்டால் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும். பழைய விலைகளைச் சரிசெய்யாவிட்டால் நிரல் அதைச் சப்போர்ட் உடைந்ததாகப் படித்து விற்றுவிடும். இன்றைய குறியீட்டில் உள்ள பங்குகளை மட்டும் எடுத்துப் பழைய ஆண்டுகளில் சோதித்தால், இடையில் நலிந்து வெளியேறிய நிறுவனங்கள் கணக்கிலேயே வராது. சப்போர்ட் உடைந்து திரும்பாமலே போன பங்குகள் அவற்றில்தான் அதிகம்.

விதியில் ஐந்து நாள், 1.5, 1, 2 சதவீதம், பதினைந்து நாள் என்ற எண்கள் இருக்கின்றன. இவற்றை மாற்றி மாற்றி ஓட்டினால் எப்படியாவது ஒரு கூட்டணி நல்ல லாபம் காட்டும். 1.5-இல் லாபமும், பக்கத்திலுள்ள 1.3-இலும் 1.7-இலும் நட்டமும் வந்தால் அந்த லாபம் தற்செயல் என்றே கொள்ள வேண்டும். எண்களை முடிவுசெய்யத் தரவின் முற்பகுதியை மட்டும் பயன்படுத்தி, பிற்பகுதியை ஒரே ஒரு முறை திறந்து பார்ப்பது வழக்கம். அங்கே தோற்றபின் எண்ணைத் திருத்தி மறுபடி பார்த்தால், அந்தப் பகுதியும் பயிற்சித் தரவாகிவிடும்.

கடைசியாக, எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்வி. ஏறுமுகமான சந்தையில் எந்த நாளில் வாங்கினாலும் பதினைந்து நாளில் சிறு லாபம் வரலாம். ஆகவே அதே பங்குகளில், அதே எண்ணிக்கையில், குருட்டாம்போக்காகத் தேர்ந்த நாள்களில் வாங்கி, அதே விதிகளின்படி விற்கும் சோதனையை ஆயிரம் முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்தியாவில் டெலிவரி வர்த்தகத்துக்கு வாங்கும்போதும் விற்கும்போதும் தலா 0.1 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரி உண்டு. 513 ரூபாய்க்கு வாங்கி அதே விலைக்கு விற்றாலும் அந்த வரியே ஒரு ரூபாய்க்குச் சற்று மேல் போகும். மற்ற கட்டணங்கள் தனி. இவற்றை இரு பக்கமும் கழித்தபின், சப்போர்ட் விதியின் சராசரி அந்த ஆயிரம் முடிவுகளின் நடுவே எங்கோ விழுந்தால், லாபம் தந்தது சந்தையின் ஏற்றமே, கோடு அல்ல. லோ குழுவினரும் 1962 முதல் 1996 வரையிலான அமெரிக்கப் பங்குத் தரவில், வடிவம் தோன்றியபின் வந்த விலை மாற்றங்களைப் பொதுவான விலை மாற்றங்களோடுதான் ஒப்பிட்டார்கள். சில வடிவங்களில் கூடுதல் தகவல் இருப்பதாகக் கண்டார்கள். அதை வைத்து லாபம் பார்க்க முடியும் என்று மட்டும் அவர்கள் முடிவு சொல்லவில்லை.