தொகையிடாமலே முற்றுத் திசைவேகம்

போன பகுதிக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு இன்னைக்கு முழுசா எடுத்துக்கப் போறேன். இயற்பியல் இளங்கலை படிக்கிற ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. காத்துல விழுற பொருள். காற்றின் தடை வேகத்துக்கு நேர் விகிதத்துல இருக்கு. முற்றுத் திசைவேகம் என்னன்னு கேள்வி. இவங்க ரெண்டே வரியில விடை எழுதிட்டாங்க. பக்கத்துல இருந்தவங்க ஒரு பக்கத்துக்குத் தொகையிட்டு, லாக் எடுத்து, நேரத்தை முடிவிலிக்குக் கொண்டுபோய் அதே விடைக்கு வந்தாங்க. "நான் செஞ்சது குறுக்கு வழியா, இல்ல நிரூபணமா? மார்க் கிடைக்குமா?" இதுதான் கேள்வி.

மார்க் விஷயம் திருத்துறவர் கையில இருக்கு. ஆனா முதல் பாதிக்கு விடை சொல்ல முடியும். ரெண்டு வரி போதாது, மூணாவதா ஒரு வரி வேணும். அந்த மூணாவது வரி இருந்தா அது முழு நிரூபணம்.

சமன்பாட்டை எழுதிக்கங்க. கீழ்நோக்கிய திசையை நேர்க்குறியா எடுத்துக்கிறோம். பொருளின் நிறை m. எடை mg கீழே இழுக்குது. தடை kv மேலே தள்ளுது. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி

m dv/dt = mg − kv

ஓய்விலிருந்து விடும்போது v பூஜ்யம், அதனால தடையும் பூஜ்யம். முடுக்கம் முழு g. வேகம் கூடக் கூடத் தடை கூடுது, முடுக்கம் குறையுது. வேகம் மாறாம இருக்கணும்னா dv/dt பூஜ்யமா இருக்கணும். வலப்பக்கத்தைப் பூஜ்யத்துக்குச் சமமா வச்சா mg = kv, ஆக முற்றுத் திசைவேகம் mg/k. இதுவரைக்கும்தான் அந்த ரெண்டு வரி.

இதுல என்ன குறை? வேகம் mg/k ஆக இருந்தா அது அப்படியே இருக்கும்னு நிரூபிச்சிருக்கோம். பூஜ்யத்துல தொடங்கின வேகம் அங்க போய்ச் சேரும்னு நிரூபிக்கல. இது ரெண்டும் வேற வேற. ஒரு பென்சிலை முனையில நிறுத்தினாலும் விசைகள் சமன்படத்தான் செய்யும். ஆனா சாய்ஞ்ச பென்சில் தானா எழுந்து அந்த நிலைக்கு வர்றதில்லை.

மூணாவது வரி இது. முற்றுத் திசைவேகத்துக்கும் இப்போதைய வேகத்துக்கும் உள்ள இடைவெளியை u-ன்னு வைப்போம்: u = mg/k − v. அப்போ mg − kv என்பது ku தான். v கூடினா u அதே அளவு குறையுது. ஆக

du/dt = −(k/m) u

இதையும் தீர்க்க வேண்டியதில்லை, படிச்சாலே போதும். இடைவெளி எவ்வளவு இருக்கோ அதுக்கு விகிதமா அது சுருங்குது. வேகம் குறைவா இருந்தா u நேர்க்குறி, அது பூஜ்யத்தை நோக்கி இறங்குது. பொருளை மேலிருந்து வேகமா கீழே எறிஞ்சு, முற்றுத் திசைவேகத்தை விட அதிகமா தொடங்கினா u எதிர்க்குறி, அதுவும் பூஜ்யத்தை நோக்கியே வருது. எங்க தொடங்கினாலும் சேரும் இடம் ஒண்ணுதான். நிரூபணம் முடிஞ்சது.

இதே வரியில இன்னொரு தகவலும் கிடைக்குது: எவ்வளவு நேரத்துல சேரும்? m/k என்பதற்கு நேரத்தின் அலகு. ஒவ்வொரு m/k நேரத்துக்கும் இடைவெளி, முன்னாடி இருந்ததுல சுமார் 37 சதவீதமா ஆகுது. அஞ்சு மடங்கு நேரம் போனா ஒரு சதவீதத்துக்கும் கீழே. கணக்குப்படி பார்த்தா பூஜ்யத்தைத் தொடவே தொடாது. ஆனா நேரம் போகப் போக அந்த மிச்சம் அளக்க முடியாத அளவுக்குச் சிறிசாயிடும். இந்த m/k-ஐ இன்னொரு விதமாவும் எழுதலாம்: முற்றுத் திசைவேகம் வகுத்தல் g. அதாவது தடையே இல்லாம விழுந்திருந்தா அந்த வேகத்தை எட்ட ஆகும் நேரம். மனசுல வச்சுக்க இதுதான் எளிது.

இந்த மூணாவது வரிக்கு ஒரு நடைமுறைப் பயனும் இருக்கு. வகுப்புல நான் அடிக்கடி பார்க்கிற குறித்தவறு ஒண்ணை அது பிடிச்சுக் கொடுத்துடும். மேல்நோக்கிய திசையை நேர்க்குறியா எடுத்துட்டு, "தடை மேல்நோக்கி, அதனால கூட்டல்"னு m dv/dt = −mg + kv என்று எழுதுவாங்க. பார்க்க நியாயமாத்தான் தெரியும். ஆனா இந்தத் திசையில விழுற பொருளின் v ஏற்கெனவே எதிர்க்குறி. அதனால தடை −kv என்றால்தான் அது மேல்நோக்கி வரும். தவறான சமன்பாட்டுலயும் dv/dt-ஐ பூஜ்யமாக்கினா v = mg/k என்று பழகின விடைதான் வருது! ரெண்டு வரியோட நிறுத்துறவங்க சரின்னு நினைச்சுட்டுப் போயிடுவாங்க. உத்துப் பாருங்க: மேல்நோக்கி நேர்க்குறின்னா இந்த விடை, பொருள் மேலே போகுதுன்னு சொல்லுது. இடைவெளியை எழுதிப் பார்த்தா அது சுருங்கல, வளருது. ஓய்விலிருந்து விட்ட பொருள் g-ஐ விட அதிக முடுக்கத்தோட கீழே ஓடுது, நிக்கவே இல்ல. தடை வேகத்தைக் கூட்டுதுன்னு வந்தா குறி தப்புன்னு அர்த்தம்.

சரி, தடை உண்மையிலேயே வேகத்துக்கு விகிதமா இருக்கிற பொருள் எது? கல் இல்லை, பந்து இல்லை, பாராசூட் வீரரும் இல்லை. மேகத்துல இருக்கிற நீர்த்துளி. மிகச்சிறிய கோளம் மெதுவா நகரும்போது k = 6πηr என்று 1851-ல ஸ்டோக்ஸ் காட்டினார். r துளியின் ஆரம், η காற்றின் பாகுநிலை, சுமார் 1.8 × 10⁻⁵ பாஸ்கல் விநாடி. காற்றின் மிதப்பு விசை எடையில ஆயிரத்துல ஒரு பங்குதான், அதை விட்டுடலாம்.

10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளியை எடுப்போம், மேகத்துல சாதாரணமா இருக்கிற அளவு. அதன் நிறை சுமார் 4.2 × 10⁻¹² கிலோகிராம், எடை 4.1 × 10⁻¹¹ நியூட்டன். k-யின் மதிப்பு 3.4 × 10⁻⁹. எடையை k-ஆல வகுத்தா விநாடிக்கு 0.012 மீட்டர், அதாவது 1.2 சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டர் உயரத்துலேருந்து அசையாத காத்துல தரைக்கு வர கிட்டத்தட்ட 23 மணி நேரம். மேகம் ஏன் நம்ம தலையில விழலைங்கிறதுக்குப் பெரிய பகுதி பதில் இதுதான். அது விழுந்துக்கிட்டேதான் இருக்கு. ஆனா லேசா மேலே எழுற காற்று போதும், அதைத் தாங்க.

சேர ஆகும் நேரம்? 0.012-ஐ 9.8-ஆல வகுங்க: ஆயிரத்துல ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேலே. அஞ்சு மடங்கு நேரம் போனாலும் துளி ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குகூட விழுந்திருக்காது. தொகையிட்டுக் கண்டுபிடிச்ச அந்த அழகான அடுக்குக்குறி வளைவு முழுக்க, இந்தத் துளிக்கு, அந்தத் துளியூண்டு தூரத்துலயே முடிஞ்சுடுது.

மில்லிகன் தன்னோட எண்ணெய்த்துளிச் சோதனையில நம்பினது இதைத்தான். மின்புலம் இல்லாதப்போ ஒரு துளி நுண்ணோக்கியின் ரெண்டு கோடுகளுக்கு நடுவே விழ ஆகும் நேரத்தை அளந்தார். வேகம் மாறுமோன்னு கவலைப்பட வேண்டியதில்லை. பார்க்கத் தொடங்கும் முன்னாடியே அது முற்றுத் திசைவேகத்துல இருக்கு. பிறகு சமன்பாட்டைத் திருப்பிப் போட்டார். mg = 6πηrv; நிறை ஆரத்தின் மும்மடியைச் சார்ந்தது. ஆக வேகம் தெரிஞ்சா ஆரம் தெரியும்:

r² = 9ηv / (2ρg)

ஒரு மில்லிமீட்டரை 10 விநாடியில கடக்கிற எண்ணெய்த்துளின்னு வைங்க, எண்ணெயின் அடர்த்தி 900. ஆரம் 0.96 மைக்ரோமீட்டர்னு வருது. அளவுகோலால நேரா அளக்க முடியாத ஒண்ணு, கடிகாரத்தை வச்சே கிடைச்சுடுது. இவ்வளவு சின்னத் துளிக்கு ஸ்டோக்ஸ் விதியும் சில சதவீதம் பிசகும், ஏன்னா காற்று மூலக்கூறுகளுக்கு இடையில இருக்கிற வெற்றிடம் துளிக்குத் தெரிய ஆரம்பிக்குது. மில்லிகன் அதுக்குத் திருத்தமும் சேர்த்தார்.

இன்னொரு பக்கத்து எல்லை மழைத்துளி. மேலே இருக்கிற சமன்பாட்டுல வேகம் ஆரத்தின் இருமடிக்கு விகிதம். ஆரத்தை 10 மைக்ரோமீட்டர்லேருந்து 1 மில்லிமீட்டரா ஆக்கினா, அதாவது நூறு மடங்கு, வேகம் பத்தாயிரம் மடங்கு: விநாடிக்கு 120 மீட்டர். அப்படிப் பெய்யுற மழையில யாரும் நடக்க முடியாது. அந்தத் துளியின் உண்மையான வேகம் விநாடிக்கு சுமார் 6.5 மீட்டர்தான்.

இதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெனால்ட்ஸ் எண்ணைப் பாருங்க: காற்றின் அடர்த்தி, வேகம், விட்டம் மூணையும் பெருக்கி η-ஆல வகுக்கணும். ஒண்ணை விட நல்லாக் கீழே இருந்தா ஸ்டோக்ஸ் விதி செல்லும். மேகத்துளிக்கு அது 0.016. மழைத்துளிக்கு, உண்மையான வேகத்தைப் போட்டாலே 800-க்கு மேல. அங்க தடை வேகத்தின் இருமடியை ஒட்டிப் போகுது.

அப்பவும் அந்த மூணு வரி உதவும். தடையை cv² என்று எழுதினா, dv/dt பூஜ்யம் ஆகும் இடம் mg = cv², வேகம் mg/c-யின் வர்க்கமூலம். அதுக்குக் கீழே முடுக்கம் நேர்க்குறி, மேலே எதிர்க்குறி. அதனால விழுற துளி அங்கதான் போய்ச் சேரும். இதையே தொகையிட்டுத் தீர்த்தா ஹைப்பர்போலிக் டேன்ஜென்ட் வரும். முற்றுத் திசைவேகம் மட்டும் வேணும்னா அது தேவையே இல்ல.