வாயுப் பிடிப்பு: நடையா, ஒத்தடமா, சொட்டு மருந்தா?

பெருங்குடல் இடது விலா எலும்புக்கு அடியில் வளையும் இடத்தில் வாயு தேங்கினால் சுருக்கென்று குத்தும். இதற்கு முதல் வைத்தியம் நடைதான். 10, 15 நிமிடம் மெதுவாக நடந்தால் குடல் அசைந்து வாயு கீழே நகரும். அது பிரிந்ததும் வலி விடும். நிமிரவே முடியாதபடி இழுத்துப் பிடித்தால், வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வயிற்றில் வைக்கலாம். தசை இறுக்கம் தளரும், ஆனால் அதனால் மட்டும் வாயு வெளியேறிவிடும் என்று சொல்ல முடியாது. ஆகவே வலி தணிந்ததும் எழுந்து நடக்க வேண்டும்.

சிமெதிகோன் சொட்டு மருந்து சிறு குமிழ்களைச் சேர்த்துப் பெரிதாக்கும். சாப்பிட்டபின் மேல்வயிறு உப்பி, ஏப்பம் வராமல் தவிக்கும்போது ஓரளவு உதவலாம். வாயு உண்டாவதை அது தடுக்காது.

காய்ச்சல், வாந்தி, கல்போல் இறுகிய வயிறு, வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி, வியர்வையோடு நெஞ்சு அழுத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஒத்தடம் கொடுத்துக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.