எந்த மக்கள்?

2004 மே 31 இல் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பு நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் தர்மரத்தினம் சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். இளையவர்களின் பிரதியைத் திருத்தக்கூடிய மூத்தவர்களை நாம் இப்படித்தான் இழந்தோம். இன்று வாவிக்கரையிலிருந்து எழுதும் பலருக்குப் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்க எவருமில்லை. அவர்களது பிரதி வரும்போது, அதில் எவ்வளவு கைவைப்பது என்பதுதான் எனக்கு முதற் கேள்வி.

ஒரு மாரி காலத்தில் படுவான்கரையிலிருந்து ஒரு தம்பி செய்தி அனுப்பினார். அதிகாரிகள் கலந்துகொண்ட கூட்டம் நடைபெற்றது என்று அது தொடங்கியது. மூன்றாவது பந்தியில்தான் விடயம் இருந்தது: "ஆத்துவாயை உடனே வெட்டுமாறு மக்கள் கோருகின்றனர்."

வெள்ளம் வாவியில் தேங்கினால் வயல்கள் மூழ்கும். கடலை மறித்துக் கிடக்கும் மணலை வெட்டினால் நீர் வடியும். ஆனால் மீனும் இறாலும் வெள்ளத்தோடு கடலுக்குப் போய்விடும் என்று வாவியில் தொழில் செய்பவர்கள் அஞ்சுவதுண்டு. 'மக்கள்' என்பதை 'விவசாயிகள்' என்று மாற்ற எனக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அது என் ஊகம். யாரிடம் பேசினார் என்பது அவருக்கே தெரியும். ஆகவே சொல்லை மாற்றாமல், "எந்த மக்கள்? வீச்சுவலைக்காரரிடம் கேட்டீர்களா?" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். மறுநாள் அவர் தோணித்துறைக்குப் போனார். வெட்ட வேண்டாம் என்று அங்கே எவரும் சொல்லவில்லை. எப்போது வெட்டுவது என்று தங்களிடமும் கேட்கவேண்டும் என்றே சொன்னார்கள். செய்தியே மாறிவிட்டது.

தொடக்கத்தையும் நான் எழுதிக்கொடுக்கவில்லை. "தம்பி, வீட்டில அம்மாவிடம் எதை முதலில் சொல்வீங்க?" என்று தொலைபேசியில் கேட்டேன். "ஆத்துவாய் வெட்டப்போறாங்க எண்டு, அண்ணன்." "அதையே எழுதுங்க."

கேட்காமல் நானே மாற்றியவையும் உண்டு. ஊர்ப்பெயரின் எழுத்துப்பிழை, திகதி. 'ஆத்துவாய்' என்பதை 'ஆற்றுவாய்' ஆக்கினேன். 'முகத்துவாரம்' ஆக்கவில்லை, அது என் பழக்கம் மட்டுமே. திருத்தி வந்த பிரதியில், தங்கூசி வலை பாவிப்பதாகச் சொன்ன ஒருவரின் பெயர் இருந்தது. அது தடைசெய்யப்பட்ட வலை. பெயரை உடனே நீக்கிவிட்டு, காரணத்தைப் பிறகு விளக்கினேன். ஒருவருக்கு ஆபத்து வரக்கூடிய இடத்தில் கற்பித்தல் காத்திருக்கலாம்.

திருத்தி முடித்ததும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வசனத்தில் காரணம் சொல்லிப் பார்ப்பேன். காரணம் வராவிட்டால் பழைய வசனத்தையே திரும்ப வைத்துவிடுவேன். மிச்சத்தை அடுத்த பிரதிகள் காட்டும். அதே கூட்டத் தொடக்கம் மூன்றாவது தடவையும் வந்தால், என் திருத்தத்தை அவர் படிக்கவில்லை, வெளிவந்ததை மட்டுமே பார்த்திருக்கிறார் என்று விளங்கும்.

இரவில் நீர் ஏறும்போது இதற்கெல்லாம் நேரமில்லை. அப்போது முழுவதையும் நானே மாற்றி எழுதுவேன். வெள்ளம் வடிந்தபின் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்து அனுப்புவேன், இரண்டே இரண்டு இடங்களில் மட்டும் கோடிட்டு.