மொட்டை மாடிக்கு வரும் டவர்

செல்போன் டவருக்காக மொட்டை மாடியைக் கேட்டு வருகிறவர் முதலில் வாடகையைச் சொல்வார். தொகையைக் கேட்டதும் வீட்டில் பேச்சு அதைச் சுற்றியே போகும். ஆனால் இந்த ஒப்பந்தத்தில் வாடகையைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. நடுவில் விலக வேண்டுமென்றால் யார் விலகலாம், எப்போது விலகலாம்?

அதற்கு முன், வந்திருப்பவர் யார் என்று தெரிய வேண்டும். ஏர்டெல், ஜியோ என்று பேர் சொன்னாலும் ஒப்பந்தம் பெரும்பாலும் இண்டஸ் டவர்ஸ் போன்ற டவர் கம்பெனியோடுதான் நடக்கும். அவர்கள் இடத்தை வாடகைக்கு எடுத்து, டவரை நிறுத்தி, அதில் ஆன்டெனா வைக்கும் உரிமையை செல்போன் கம்பெனிகளுக்குக் கொடுப்பார்கள். இந்தத் தொழிலுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையில் பதிவு வேண்டும்; பதிவு பெற்றவர்களின் பட்டியலை அந்தத் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவுக் கட்டணம், அரசு வரி, இன்சூரன்ஸ் என்று வீட்டுக்காரரிடமே முன்பணம் கேட்டால், அது மோசடி. சந்தேகமே வேண்டாம். டவர் வைக்க டிராயோ தொலைத்தொடர்புத் துறையோ வீட்டுக்காரருக்குத் தடையின்மைச் சான்று தருவதும் இல்லை, அதற்குப் பணம் வாங்குவதும் இல்லை. முத்திரை போட்ட கடிதத்தை நம்பிப் பணம் கட்டி ஏமாந்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு வாடகை மாறும். நிர்ணயிக்கப்பட்ட தொகை என்று எதுவும் கிடையாது. உதாரணத்துக்கு ஒரு மாடி வீட்டுக்கு மாதம் 15,000 ரூபாய், 15 வருட ஒப்பந்தம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீத உயர்வு என்று வைத்துக்கொள்வோம். நான்காம் வருடம் வாடகை 16,500 ஆகும். பதின்மூன்றாம் வருடம் சுமார் 21,960. ஏறியது போலத்தான் தெரியும். ஆனால் விலைவாசி வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால், இன்றைய 15,000 ரூபாயின் மதிப்புக்கு அப்போது ஏறக்குறைய 26,900 ரூபாய் வேண்டும். வாடகை உண்மையில் தேய்ந்திருக்கிறது. மூன்று வருடத்துக்கு 15 சதவீதம் என்று பேசி முடித்தால், பதின்மூன்றாம் வருடத்தில் 26,235 ரூபாய் வரும். மதிப்பு ஓரளவு நிற்கும். ஆரம்ப வாடகையில் ஆயிரம் ரூபாய் கூட்டிக் கேட்பதைவிட இந்தச் சதவீதத்தில் பிடிவாதமாக இருப்பது நல்லது. இரண்டாவது, மூன்றாவது செல்போன் கம்பெனி அதே டவரில் ஏறும்போது டவர் கம்பெனியின் வருமானம் கூடும். உங்கள் பங்கு தானாகக் கூடாது. ஒவ்வொரு புதிய கம்பெனிக்கும் கூடுதல் வாடகை என்று முதலிலேயே எழுதியிருந்தால்தான் பிறகு கேட்க முடியும்.

விலகுவது பற்றிய பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் கம்பெனி 30 அல்லது 90 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று இருக்கும். வீட்டுக்காரரோ, வாடகை பாக்கி நின்றாலொழிய, முழுக் காலத்துக்கும் விலக முடியாது. இதை வைத்துத்தான் சில வருடம் கழித்து ஒருவர் வந்து, "வாடகையைக் குறைச்சுக்குங்க சார், இல்லேன்னா டவரை எடுத்துடுவாங்க" என்பார். முதல் ஐந்து வருடத்துக்குக் கம்பெனியும் விலகக் கூடாது என்று கேட்டு வாங்குங்கள். மூன்று மாத வாடகை தவறினால் ஒப்பந்தம் முடியும், இத்தனை நாளில் டவரைக் கழற்றி மாடியைப் பழையபடி சரிசெய்து தர வேண்டும், தரும்வரை வாடகை ஓடும் என்பதும் அதில் இருக்கட்டும். அந்தச் சரிசெய்யும் செலவுக்கு ஈடான அட்வான்ஸ் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இது வீண் பயமல்ல. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு போட்டபோது தமிழ்நாட்டில் எத்தனையோ டவர்கள் வேலையற்றுப் போயின. வாடகை நின்றது, இரும்பு மட்டும் மாடியில் நின்றது. ஒரு கம்பெனி திவால் நடைமுறைக்குள் போய்விட்டால், அதன் வசம் இருக்கும் இடத்தைச் சொந்தக்காரர் உடனே மீட்கவும் சட்டம் விடாது.

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவானால் வில்லங்கச் சான்றில் வரும்; பின்னால் வீட்டை வாங்குகிறவரும் டவரோடு சேர்த்தே வாங்குவார். வீடு கூட்டுச் சொத்தாக இருந்தால் பங்குதாரர் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் மட்டும் போட்டுவிட்டு வாடகையைப் பிரித்துக்கொள்ளலாம் என்று வாய்ப்பேச்சாக விட்ட இடங்களில்தான் பின்னால் வழக்கு வருகிறது. அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லாருக்கும் பொது என்பதால், சங்கச் செயலாளர் ஒருவரின் கையெழுத்து போதாது.

அடுத்தது கட்டடம். நம் ஊரில் பிள்ளைகளுக்கு மேலே ஒரு மாடி எடுக்கலாம் என்று தூண்களின் மேல் கம்பியை நீட்டி விட்டிருப்போம். டவரின் எடையைத் தாங்கத் தளம் போதாது. இரும்பு உத்திரங்களைத் தூண்களின் தலையில்தான் உட்கார வைப்பார்கள். டவர் நிற்கும்வரை அந்த மாடி எழும்பாது. கம்பெனி கட்டடப் பொறியாளரின் உறுதிச் சான்று வாங்கும். அதன் நகலை நீங்களும் கேட்டு வாங்கி, அஸ்திவாரத்தையும் தூண் கம்பியையும் அவர் பார்த்துச் சோதித்தாரா, வரைபடத்தை மட்டும் பார்த்தாரா என்று விசாரியுங்கள். உண்மையில் வீட்டுக்காரர்களை அதிகம் வாட்டுவது எடையைவிட ஒழுகல்தான். போல்ட் இறக்கத் தட்டோட்டைப் பெயர்த்த இடத்தைச் சரியாக அடைக்காவிட்டால், அடுத்த ஐப்பசி மழையில் கீழ் அறையின் மேற்கூரையில் ஈரம் படரும். வேலைக்கு முன்பும் பின்பும் மாடியையும் கீழ்த்தளக் கூரையையும் தேதியோடு படம் எடுத்து வைத்தால் வாக்குவாதம் மிச்சம். ஜெனரேட்டர் வைப்பதானால் தரையில் வைக்கச் சொல்லுங்கள். மேலே வைத்தால் அதிர்வும் இரைச்சலும் வீட்டுக்குள்ளேயே கேட்கும். மின் இணைப்பு கம்பெனி பேரில் தனி மீட்டரில் இருக்கட்டும்.

வாடகைக்கு வருமான வரி உண்டு. 2025 ஏப்ரல் முதல் மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் கம்பெனி 10 சதவீதம் பிடித்துக்கொண்டு தரும். பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகாது. கணக்கில் காட்ட வேண்டும்.

அக்கம்பக்கத்தார் கேட்கப்போவது கதிர்வீச்சு பற்றி. ஆன்டெனா தன் அலையைப் பக்கவாட்டில், சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து அனுப்புகிறது. அதனால் நேர் கீழே இருக்கும் உங்கள் வீட்டில் அளவு குறைவாகவும், ஆன்டெனாவின் முகத்துக்கு நேரே அதே உயரத்தில் நெருங்கி நிற்கும் எதிர்வீட்டு மாடியில் அதிகமாகவும் இருக்கும். எதிர்வீட்டுக்காரர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் இவ்வகை அலைகளை 'புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும்' என்ற பிரிவில் சேர்த்தது. அது உறுதியான சான்று இல்லாதவற்றுக்கான பிரிவு. மறு ஆண்டு செப்டம்பரில் இந்தியா, டவர் கதிர்வீச்சுக்கான உச்ச வரம்பைச் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அளந்து பார்க்கவும் வழி இருக்கிறது. tarangsanchar.gov.in தளத்தில் அருகிலுள்ள டவர்களைப் பார்க்கலாம். 4,000 ரூபாயும் வரியும் கட்டினால் தொலைத்தொடர்புத் துறையின் ஆட்கள் வந்து அளப்பார்கள். அண்டைவீட்டார் கேட்டால் ஒருமுறை இப்படி அளக்கும் செலவு கம்பெனியுடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன்பே எதிர்வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிவிடுவதும் நல்லது.