மூன்று வடிவங்கள், ஒரே படம்

பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கி வழியாக எடுத்த படம் நம் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிறிய இளஞ்சிவப்பு வட்டங்கள், நடுவே இருபுறமும் கூர்ந்த சில நீள அணுக்கள், அங்கங்கே வட்டத்துக்குள் புள்ளி வைத்தது போன்ற அணுக்கள். அவளுக்கு ரத்தசோகை, கை கால் எலும்புகளில் அடிக்கடி வலி.

அரிவாள் வடிவம்தான் முதலில் கண்ணை இழுக்கும். ஆனால் நான் அளவிலிருந்து தொடங்கச் சொல்வேன். படத்தில் சிறிய லிம்போசைட் என்னும் வெள்ளையணு ஒன்று இருந்தால் அதுவே நமக்கு அளவுகோல். நலமான சிவப்பணு 7 முதல் 8 மைக்ரான் அகலம் இருக்கும். அந்த லிம்போசைட்டின் ஊதா நிறக் கருவும் ஏறத்தாழ அதே அளவுதான். இந்தப் படத்தில் பெரும்பாலான சிவப்பணுக்கள் அந்தக் கருவைவிடச் சிறுத்திருக்கின்றன. நிறமும் குறைவு. நலமான அணுவின் நடுவில் வெளிறிய பகுதி அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். இங்கே அது விரிந்து, ஓரத்தில் மெல்லிய வளையம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அணுவுக்குள் ஹீமோகுளோபின் போதவில்லை என்று அர்த்தம். நுண்ணோக்கியின் விளக்கைக் கூட்டிவைத்துப் படம் எடுத்தாலும் அணுக்கள் வெளிறித் தெரியும் என்பதால், நிறத்தை மட்டும் நம்பாமல் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடுத்து அரிவாள் அணு. ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் எஸ் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, அணுவை உள்ளிருந்தே இழுத்து நீட்டிவிடுகின்றன. அதனால் உண்மையான அரிவாள் அணுவின் முனைகள் கூர்மையாக இருக்கும், நடுவில் வெளிறல் இருக்காது, அடர்த்தியாகத் தெரியும். முனை மழுங்கி நீள்வட்டமாக இருந்தால் அது வேறு வகை. தகட்டில் ரத்தத்தை இழுத்த விதத்தாலும் அணுக்கள் கூர்ந்துவிடும். அப்போது கூர்முனைகள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கும். நம் படத்தில் அவை நாலாபக்கமும் திரும்பியிருக்கின்றன. ஆகவே இவை உண்மையானவை.

டார்கெட் செல் என்பது வெளியே சிவப்பு வளையம், உள்ளே வெளிறிய வளையம், நட்ட நடுவில் சிவப்புப் புள்ளி. உள்ளடக்கம் குறைந்து மேலுறை மிஞ்சும்போது, மிஞ்சிய உறை நடுவில் புடைக்கிறது. அதுவே புள்ளியாகத் தெரிகிறது. கல்லீரல் நோயிலும், மண்ணீரலை அகற்றியவர்களிடமும், இரும்புச்சத்துக் குறைவிலும்கூட இது வரும். தகடு மெதுவாகக் காய்ந்தாலும் ஒரு பகுதியில் மட்டும் இப்படித் தோன்றும். அதனால் டார்கெட் செல்லை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்ட முடியாது.

மூன்றும் சேரும்போதுதான் படம் பேசத் தொடங்குகிறது. இருவரிடமிருந்தும் எஸ் மரபணு பெற்ற குழந்தைக்கு அரிவாள் அணுக்கள் இருக்கும். ஆனால் மற்ற அணுக்கள் பெரும்பாலும் இவ்வளவு சிறுத்துப்போவதில்லை. எஸ் மரபணு ஒன்று மட்டும் உள்ளவரின் சாதாரண ரத்தப் படத்தில் அரிவாள் அணுவே பொதுவாகத் தென்படாது. அரிவாளும் சிறுத்து வெளிறிய அணுக்களும் டார்கெட் செல்களும் ஒன்றாக இருந்தால் முதலில் எழ வேண்டிய ஐயம், ஒரு பக்கம் எஸ் மரபணு, மறுபக்கம் பீட்டா தலசீமியா மரபணு என்னும் கலப்பு நோய்.

ஐயம்தான், முடிவல்ல. இரண்டு எஸ் மரபணுக்களோடு இரும்புச்சத்துக் குறைவு சேர்ந்தாலும், ஆல்பா தலசீமியா சேர்ந்தாலும் படம் இதே போல இருக்கும். ஹெச்.பி.எல்.சி. என்னும் சோதனை ஒவ்வொரு ஹீமோகுளோபினையும் பிரித்து அளக்கும். சமீபத்தில் ரத்தம் ஏற்றாத குழந்தையிடம் எஸ் மிகுந்து, ஹீமோகுளோபின் ஏ குறைவாக இருந்தால் கலப்பு நோய் ஏறக்குறைய உறுதி. ஏ அறவே இல்லையென்றால் சிக்கல். இரண்டு எஸ் மரபணு உள்ளவரிடமும் அப்படித்தான் இருக்கும். அப்போது பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் சோதிப்பதே வழி.

தமிழ்நாட்டுக்கு இது தொலைவான விஷயமில்லை. இந்தியாவில் எஸ் மரபணுவை லேமனும் கட்புஷும் 1952-ல் முதலில் அறிவித்தது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான்.

நடைமுறையில் நேரும் பெரிய தவறு, சிறுத்து வெளிறிய அணுக்களைப் பார்த்ததுமே இரும்பு மாத்திரை எழுதிவிடுவது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினை அளந்து, அது குறைவாக இருந்தால் மட்டுமே அந்த மாத்திரை தேவை. இந்தச் சிறுமிக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றியிருந்தால் உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கவும் கூடும். அவளுக்குக் கலப்பு நோய் உறுதியானால், தாயும் தந்தையும் ஆளுக்கொரு மரபணுவைச் சுமப்பவர்கள். அவர்களின் அடுத்த குழந்தைக்கும் இதே நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.